ஃபாரின் கீ இல்லாத பழைய டேட்டாபேஸ்: உறவுகளைக் கண்டுபிடிக்க எந்த வழி?

முந்நூறு நானூறு டேபிள் உள்ள ஒரு பழைய டேட்டாபேஸ் கையில் வந்து சேர்கிறது. எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. வரைபடம் கிடையாது. `sys.foreign_keys`-ஐத் திறந்தால் ஒரு வரிசைகூட இல்லை. புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும், அல்லது ஒரு அறிக்கை எழுத வேண்டும். எந்த டேபிள் எதோடு சேர்கிறது என்று தெரியாமல் முதல் க்வெரியைக்கூட எழுத முடியாது.

இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பொதுவாகக் கேட்பது ஒன்றுதான். பெயர்களைப் பார்த்து ஊகிப்பதா, டேட்டாவைச் சோதிப்பதா, பழைய நிரலின் கோடைப் படிப்பதா, ஓடும் க்வெரிகளைப் பிடித்துப் பார்ப்பதா? நான்குக்கும் நேரம் இருக்காது. தப்பான வழியில் தொடங்கினால் வாரக்கணக்கில் வேலை செய்தும் நம்ப முடியாத ஒரு படம்தான் மிஞ்சும்.

ஃபாரின் கீ ஏன் இல்லை என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். வழியைத் தேர்ந்தெடுக்க அது உதவும். மைஎஸ்க்யூஎல்-இல் மைஐசாம் வகை டேபிள்களாக இருந்தால், எழுதியவர் ஃபாரின் கீ கொடுத்திருந்தாலும் அந்த எஞ்சின் எதுவும் சொல்லாமல் அதை விட்டுவிட்டிருக்கும். அப்படியானால் பழைய டேபிள் உருவாக்கும் ஸ்கிரிப்ட் எங்காவது கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. டேட்டாபேஸுக்கு முந்தைய காலத்து ஃபைல் அமைப்பிலிருந்து அப்படியே தூக்கி வைத்ததாக இருந்தால், உறவுகள் முழுக்க நிரலின் உள்ளே இருக்கும். வேகத்துக்காக ஒரு கட்டத்தில் ஃபாரின் கீகளை நீக்கியிருந்தால், பழைய பேக்கப் ஒன்றில் அவை இன்னும் இருக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, அந்த வழி தரும் ஆதாரத்தின் தரம். "இருக்கலாம்" என்கிறதா, "நிச்சயம் இல்லை" என்கிறதா, "இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்" என்கிறதா? இந்த மூன்றும் வேறு வேறு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது, எதைத் தவறவிடும். எல்லா வழிக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம்.

மூன்றாவது, நிபந்தனையையும் கூட்டுக் கீயையும் காட்டுமா. பழைய அமைப்புகளில் "இந்தப் புலம் அந்த டேபிளைக் குறிக்கிறது" என்று ஒரே வரியில் முடிகிற உறவுகள் குறைவு. "ஆவண வகை இதுவானால் அந்த டேபிள், அதுவானால் வேறு டேபிள்" என்பது சாதாரணம்.

நான்காவது, என்ன அனுமதி வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு என்ன சுமை. மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இங்கேதான்.

## எடுத்துக்கொள்ளும் உதாரணம்

எல்லா வழியையும் ஒரே கேள்வியில் சோதித்துப் பார்ப்போம். எஸ்க்யூஎல் சர்வரில் ஓடும் ஒரு விற்பனை, இருப்புக் கணக்கு அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். `TRNHDR` என்ற டேபிளில் எல்லா ஆவணங்களின் தலைப்பும் இருக்கிறது. விற்பனை, திருப்பி வாங்கியது, கொள்முதல் எல்லாமே அங்கேதான். `CMP_NO`, `DOC_TY`, `DOC_NO`, `PTY_CD` ஆகியவை முக்கியப் புலங்கள். `TRNDTL`-இல் ஒவ்வொரு ஆவணத்தின் வரிகள். இவை தவிர `CUSMST`, `SUPMST`, `PTYMST` என்று மூன்று மாஸ்டர் டேபிள்கள்.

கேள்வி இதுதான்: `TRNHDR.PTY_CD` எந்த டேபிளைக் குறிக்கிறது?

## வழி 1: பெயரையும் வகையையும் பொருத்துவது

ஒரே பெயர், ஒரே டேட்டா வகை உள்ள புலங்களை `sys.columns`-இலிருந்து எடுத்துப் பொருத்துவதுதான் இது. ஸ்கீமாஸ்பை போன்ற கருவிகளும் ஃபாரின் கீ இல்லாத இடத்தில் இப்படித்தான் ஊகித்து, "மறைமுக உறவு" என்று தனியாகக் குறித்துக் காட்டுகின்றன. ஒரு மதியத்துக்குள் முழு டேட்டாபேஸுக்கும் ஒரு முதல் படம் கிடைத்துவிடும். டேட்டாவைத் தொடவே வேண்டியதில்லை என்பதால் அனுமதி வாங்குவதும் எளிது.

நம் கேள்விக்கு இந்த வழி தரும் பதில் `PTYMST`. அந்த டேபிளில் `PTY_CD` என்ற பெயரிலேயே புலம் இருக்கிறது, வகையும் `char(8)`தான். பார்த்தால் கச்சிதம். ஆனால் அது தவறான பதில். ஏன் என்று அடுத்த வழியில் தெரியும்.

இரண்டு பக்கமும் இது சறுக்கும். `ID`, `CODE`, `STATUS` என்று பெயர் வைத்த டேபிள்கள் நூறு இருந்தால் எல்லாமே எல்லாவற்றோடும் பொருந்தும். மறுபக்கம், `BILL_TO`, `SHIP_TO`, `APPROVED_BY` போல, செய்யும் வேலையை வைத்துப் பெயர் கொடுத்த புலங்கள் இதில் அகப்படவே அகப்படாது. ஒரு டேபிளில் எண்ணாகவும் இன்னொன்றில் முன்னால் பூஜ்யம் சேர்த்த எழுத்தாகவும் இருக்கும் குறியீடுகளும் நழுவிவிடும்.

இந்த வழியோடு சேர்த்து இண்டெக்ஸ்களையும் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். தனித்தன்மை இல்லாத ஒரு புலத்தின் மேல் யாரோ மெனக்கெட்டு ஒரு இண்டெக்ஸ் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் புலத்தை வைத்து எதையோ அடிக்கடி தேடியிருக்கிறார்கள் அல்லது ஜாயின் செய்திருக்கிறார்கள். கூட்டு இண்டெக்ஸ் என்றால் கூட்டுக் கீயின் பாகங்களே வரிசையாக அதில் எழுதியிருக்கக்கூடும். பெயரைவிட நம்பகமான தடயம் இது. பெயர் வைக்கும்போது யாரும் யோசிக்காமல் இருந்திருக்கலாம். இண்டெக்ஸ் போடும்போது ஒரு தேவை இருந்திருக்கிறது.

மறைந்த செலவு பின்னால்தான் வரும். பெயரை வைத்து வரைந்த படம் அழகாக இருப்பதால் அதை எல்லோரும் உண்மையென்று எடுத்துக்கொள்வார்கள். ஊகக் கோடுகளை வேறு நிறத்தில் வரையாவிட்டால், ஆறு மாதம் கழித்து எது ஊகம், எது உறுதி என்று யாருக்கும் தெரியாது.

## வழி 2: டேட்டாவைக் கொண்டு சோதிப்பது

`PTY_CD` உண்மையில் ஒரு டேபிளைக் குறிக்கிறது என்றால், அதில் உள்ள மதிப்புகள் எல்லாம் அந்தத் தாய் டேபிளில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் இந்த வழி.

```sql
SELECT COUNT(*)                 AS row_cnt,
       COUNT(DISTINCT h.PTY_CD) AS val_cnt
FROM TRNHDR h
WHERE h.PTY_CD IS NOT NULL
  AND NOT EXISTS (SELECT 1 FROM CUSMST c
                  WHERE c.CUS_CD = h.PTY_CD);
```

`NOT IN` எழுதாதீர்கள். உள் க்வெரியில் ஒரே ஒரு `NULL` வந்தாலும் `NOT IN` ஒரு வரிசையையும் திருப்பித் தராது. "அநாதை மதிப்பே இல்லை, உறவு உறுதி" என்று நினைத்துவிடுவீர்கள்.

இப்போது நம் கேள்வி. `TRNHDR`-இல் 4,200 தனித்தனி `PTY_CD` மதிப்புகள் இருக்கின்றன என்று வைப்போம். `PTYMST`-இல் இருப்பவை அவற்றில் 2,520 மட்டும், அதாவது 60%. அந்த டேபிளில் புதிதாகச் சேர்ந்த வரிசையின் தேதியைப் பார்த்தால் பல வருடங்களுக்கு முந்தையது. கைவிடப்பட்ட டேபிள், பெயர் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. `CUSMST`-இல் 3,282 மதிப்புகள் இருக்கின்றன, 78%. `SUPMST`-இல் 898, அதாவது 21%. எதுவும் தனியாக நூறைத் தொடவில்லை. ஆனால் கடைசி இரண்டையும் கூட்டினால் 4,180 வருகிறது, 99.5%.

இந்தக் கூட்டல்தான் முக்கியமான தடயம். ஒரு புலம் இரண்டு டேபிள்களைக் குறிக்கிறது. எது எப்போது என்பதை இன்னொரு புலம் முடிவு செய்கிறது. அது எந்தப் புலம் என்று டேட்டாவிலேயே தேடலாம். `DOC_TY` வாரியாகப் பிரித்து அதே எண்ணிக்கையை எடுத்தால், சில வகைகள் முழுக்க `CUSMST` பக்கமும் மற்றவை முழுக்க `SUPMST` பக்கமும் போய்ச் சேரும். வாடிக்கையாளர் குறியீடும் விற்பவர் குறியீடும் வேறு வேறு எண் வரம்பில் இருக்கும்வரைதான் இது இவ்வளவு தெளிவாகத் தெரியும். இரண்டுமே 1-இலிருந்து தொடங்கும் எண்களாக இருந்தால், எல்லா வகைகளும் இரண்டு பக்கமும் பொருந்துவதுபோலத் தோன்றும். அங்கே டேட்டா மட்டும் போதாது.

மிச்சம் இருபது மதிப்புகள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பட்டியலிட்டுப் பாருங்கள். அதில் ஒன்று `CASH`, இன்னொன்று `00000000`, மற்றவை பழைய தேதிகளில் மட்டும் வருபவை என்று தெரியவந்தால் கதை புரிந்துவிட்டது. ரொக்க விற்பனைக்கு ஒரு போலிக் குறியீடு, காலியாக விட்டதற்கு ஒரு போலிக் குறியீடு, மாஸ்டரிலிருந்து அழிக்கப்பட்ட பழைய வாடிக்கையாளர்கள். மேலே உள்ள க்வெரியில் வரிசை எண்ணிக்கை, மதிப்பு எண்ணிக்கை இரண்டையும் எடுத்தது இதற்காகத்தான். மதிப்பு வாரியாகப் பார்த்தால் `CASH` இருபதில் ஒன்று. வரிசை வாரியாகப் பார்த்தால் பத்தாயிரக்கணக்கில் இருக்கலாம். மாஸ்டரோடு இன்னர் ஜாயின் போட்டு அறிக்கை எழுதினால் அத்தனை விற்பனையும் காணாமல் போகும்.

இனி இந்த வழியின் பலவீனம். அடங்கியிருப்பதாலேயே உறவு என்று ஆகிவிடாது. ஒன்பது நிலைகள் கொண்ட ஒரு சின்ன டேபிள், ஐடி 1 முதல் 9 வரை. வரி எண், முன்னுரிமை, சின்ன அளவுகள் என்று எந்த எண் புலமும் இதற்குள் அடங்கிவிடும். தானாக ஏறும் ஐடிகளிலும் இதே தொல்லைதான். 5,000 வரை போகும் ஒரு ஐடி, 90,000 வரை போகும் எந்த டேபிளிலும் அநேகமாக அடங்கும்.

இதிலிருந்து தப்ப நான் மிகவும் நம்பும் சோதனை இடைவெளிச் சோதனை. தாய் டேபிளில் 1 முதல் 5,000 வரை ஐடி போகிறது, ஆனால் இடையில் 340 எண்கள் இல்லை என்று வையுங்கள். பதிவு செய்யும்போது ரத்தானவை, அழித்தவை எல்லாம் சேர்த்து. உண்மையான சேய்ப் புலம் அந்த 340 எண்களை அநேகமாகத் தொடவே தொடாது. தற்செயலாகப் பொருந்தும் புலத்தில் அந்த எண்கள் 340/5,000, அதாவது ஏறக்குறைய 7% அளவுக்கு வந்துகொண்டிருக்கும். 0.1%-க்கும் 7%-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. தாய் டேபிளில் இடைவெளியே இல்லை என்றால் இந்தச் சோதனை எதுவும் சொல்லாது. அப்போது உச்ச மதிப்பைப் பாருங்கள். சேய்ப் புலத்தின் உச்சம் 4,998, ஒரு தாயின் உச்சம் 5,000, இன்னொன்றின் உச்சம் 90,000 என்றால் முதலாவதற்கே வாய்ப்பு அதிகம்.

கூட்டுக் கீயில் இன்னொரு பொறி இருக்கிறது. `TRNDTL.DOC_NO` மதிப்புகள் எல்லாம் `TRNHDR.DOC_NO`-இல் நூறு சதவீதம் இருக்கும். சந்தோஷப்பட்டு ஜாயின் போட்டால் தொகை பல மடங்காக வரும். ஒவ்வொரு கம்பெனி எண்ணுக்கும் ஒவ்வொரு ஆவண வகைக்கும் `DOC_NO` 1-இலிருந்து தொடங்குகிறது என்பதுதான் காரணம். எனவே மதிப்புகள் அடங்கியிருக்கின்றனவா என்பதோடு இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்:

```sql
SELECT CMP_NO, DOC_TY, DOC_NO, COUNT(*) AS n
FROM TRNHDR
GROUP BY CMP_NO, DOC_TY, DOC_NO
HAVING COUNT(*) > 1;
```

இது காலியாக வரும்வரை புலங்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். மூன்று புலங்களுக்குப் பிறகும் இரட்டை வந்தால், வருடம் மாறும்போது எண் மறுபடி தொடங்குகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தாய்ப் பக்கம் தனித்தன்மை உறுதியான பிறகு, ஜாயின் செய்த வரிசை எண்ணிக்கையும் `TRNDTL`-இன் வரிசை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

செலவைப் பார்ப்போம். 400 டேபிள், சராசரி 15 புலம் என்றால் 6,000 புலங்கள். திசையோடு சேர்த்து எண்ணினால் 3.6 கோடி ஜோடிகள். அத்தனையையும் ஓட்டுவது வீண். தாய்ப் பக்கத்தில் தனித்தன்மை உள்ள புலங்களை மட்டும் எடுங்கள். வகை பொருந்தாததை விடுங்கள். சேயின் சிறும, பெரும மதிப்புகள் தாயின் வரம்புக்குள் பெருமளவு வராவிட்டால் அதையும் விடுங்கள். இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு இரவில் ஓடி முடிகிற அளவுக்கு வந்துவிடும். பேக்கப்பை வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து அங்கே ஓட்டுங்கள். உற்பத்தி சர்வரில் பூட்டுக்குப் பயந்து `NOLOCK` போட்டு ஓட்டினால், சில வரிசைகள் இரண்டு முறை படிக்கப்படலாம், சில விடுபடலாம். உண்மையில் இல்லாத அநாதைகள் முளைக்கும்.

எழுத்து வகைப் புலங்களில் பின்னால் ஒட்டிய வெற்றிடம், முன்னால் உள்ள பூஜ்யம், பெரிய சிறிய எழுத்து ஆகியவற்றையும் கவனியுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் `=` ஒப்பிடும்போது பின்வெற்றிடத்தைப் பொருட்படுத்தாது. போஸ்ட்கிரெஸில் `varchar` ஒப்பீடு அதைப் பொருட்படுத்தும். வேறு சர்வருக்கு நகலெடுத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரே டேட்டா இரண்டு விடை தருவது இதனால்தான்.

## வழி 3: கோடைப் படிப்பது

ஸ்டோர்டு ப்ரொசீஜர், வியூ, ட்ரிகர், அறிக்கைகளின் க்வெரி, நிரலின் மூலக் கோடு என எங்கே ஜாயின் எழுதியிருக்கிறதோ அங்கே உறவு எழுதியிருக்கிறது. நிபந்தனையோடு சேர்த்து எழுதியிருக்கிறது என்பதுதான் இதன் பெரிய பலம்.

```sql
SELECT OBJECT_NAME(object_id) AS obj
FROM sys.sql_modules
WHERE definition LIKE '%TRNHDR%'
  AND definition LIKE '%PTY[_]CD%';
```

`LIKE`-இல் அடிக்கோடு எந்த ஒரு எழுத்துக்கும் பொருந்தும் என்பதால் `[_]` என்று எழுத வேண்டியிருக்கிறது. நம் உதாரணத்தில் இது, பாக்கி எவ்வளவு நாளாக நிற்கிறது என்று காட்டும் ஓர் அறிக்கையின் ப்ரொசீஜரைக் காட்டுகிறது. அதற்குள் `DOC_TY IN ('IN','RT')` என்றால் `CUSMST`, `DOC_TY IN ('PO','GR')` என்றால் `SUPMST` என்று தெளிவாக இருக்கிறது. வழி 2-இல் எண்ணிக்கையை வைத்து ஊகித்ததற்கு இங்கே எழுத்துப்பூர்வமான சான்று. மேலும், `PTY_CD <> 'CASH'` என்ற ஒரு வரியும் அங்கேயே இருந்தால் அந்தப் போலிக் குறியீட்டின் அர்த்தமும் சேர்ந்து உறுதியாகிவிடும்.

வியூக்களிலிருந்து தொடங்குங்கள். ப்ரொசீஜரைவிடச் சின்னவை, பெரும்பாலும் தூய ஜாயின்கள், யாரோ ஒருவர் "இதை இப்படித்தான் சேர்க்க வேண்டும்" என்று முடிவெடுத்து வைத்துவிட்டுப் போனவை. அடுத்து ட்ரிகர்கள். ஃபாரின் கீ செய்ய வேண்டிய வேலையை, அதாவது தாய் இருக்கிறதா என்று பார்ப்பதையும் தாய் போனால் சேயை அழிப்பதையும், சில அமைப்புகளில் ட்ரிகர்தான் செய்துகொண்டிருக்கும்.

இந்த வழி எதைத் தவறவிடும்? எழுத்துத் துண்டுகளை ஒட்டி ஓடும் நேரத்தில் உருவாக்கும் டைனமிக் க்வெரிகளை `sys.sql_expression_dependencies` பார்க்காது. மறையாக்கம் செய்த ப்ரொசீஜர்களுக்கு `definition` வெறும் `NULL`-ஆகத்தான் வரும். எத்தனை `NULL` இருக்கிறது என்று முதலிலேயே எண்ணிவிட்டால், உங்கள் தேடல் எவ்வளவு குருடு என்று தெரியும். எதிர்ப்பக்கமும் கவலை இருக்கிறது. செத்துப்போன கோடு. யாரும் ஓட்டாத ப்ரொசீஜர் ஒன்று `PTYMST`-ஐ இன்னும் ஜாயின் செய்துகொண்டிருக்கும். கோடில் இருப்பதாலேயே உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செலவு ஆள் நேரம்தான். ஆயிரம் ப்ரொசீஜர்களை யாரும் வரிவரியாகப் படிக்க முடியாது. பெரிய டேபிள்கள் பத்தை எடுத்து, அவற்றைத் தொடுபவற்றை மட்டும் படிப்பதுதான் நடைமுறையில் சாத்தியம்.

## வழி 4: ஓடும் க்வெரிகளைப் பிடிப்பது

மூலக் கோடு இல்லை, மூடிய எக்ஸிகியூட்டபிள் மட்டும்தான் இருக்கிறது என்றால் அது டேட்டாபேஸிடம் என்ன கேட்கிறது என்று ஒட்டுக்கேட்பதுதான் வழி. எஸ்க்யூஎல் சர்வர் 2016 முதல் க்வெரி ஸ்டோர் இருக்கிறது. அதற்கு முந்தைய 2012, 2014 பதிப்புகளென்றால் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸில் `rpc_completed`, `sql_batch_completed` இரண்டையும் பிடிக்கலாம். போஸ்ட்கிரெஸில் `pg_stat_statements`, மைஎஸ்க்யூஎல்-இல் ஜெனரல் லாக்.

இதன் ஆதாரம் வேறு எதிலும் கிடைக்காதது. உயிரோடு இருக்கும் உறவுகள் மட்டும், எவ்வளவு அடிக்கடி என்பதோடு. ஆனால் பலர் எதிர்பார்க்காத ஒன்று நடக்கும். லாகில் `JOIN` என்ற சொல்லே இருக்காது. பழைய நிரல்கள் பல, தலைப்பை ஒரு க்வெரியில் எடுத்து, அதில் வந்த குறியீட்டை வைத்து மாஸ்டரை அடுத்த க்வெரியில் தேடும். ஜாயின் நிரலின் நினைவகத்தில் நடக்கிறது. அப்போது ஒரே செஷனில் அடுத்தடுத்து வரும் க்வெரிகளின் மதிப்புகளைக் கோர்த்துப் பார்க்க வேண்டும்: `TRNHDR`-ஐப் படித்த உடனே `CUSMST`-இல் ஒரு `CUS_CD` தேடப்படுகிறது, அந்த மதிப்பும் சற்றுமுன் படித்த வரிசையின் `PTY_CD`-யும் ஒன்று. இதற்கு மதிப்புகளும் வரிசைக்கிரமமும் வேண்டும். `pg_stat_statements` மாறிலிகளை அகற்றித் தொகுத்துவிடுவதால் அங்கே இதைச் செய்ய முடியாது. எந்த வசதியைத் திறப்பது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும்.

தவறவிடுவது காலத்தைப் பொறுத்தது. ஒரு வாரம் பிடித்தால் மாதக் கடைசி வேலைகள் இல்லை. ஒரு மாதம் பிடித்தால் வருட முடிவு இல்லை. அத்தோடு, மதிப்புகளோடு பிடிக்கும் லாகில் தனிநபர் விவரங்களும் வந்து விழும். அதற்கான ஒப்புதல் வாங்கவே பிடிக்கும் காலத்தைவிட அதிக நேரம் ஆகலாம். உற்பத்தி சர்வரில் அமைப்பை மாற்ற வேண்டியிருப்பதால் சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் சம்மதமும் வேண்டும்.

சோதனைச் சூழலில் நிரலை ஓட்ட முடிந்தால் இதன் சின்ன வடிவம் ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா டேபிள்களின் வரிசை எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரே ஒரு விற்பனை ஆவணம் போடுங்கள். அளவு என்ற இடத்தில் 7319 போல வேறெங்கும் வராத ஒரு எண்ணைக் கொடுங்கள். மறுபடி எண்ணிக்கை எடுங்கள். கூடிய டேபிள்கள்தான் விற்பனையோடு சம்பந்தப்பட்டவை, 7319 எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடினால் புலங்களும் தெரியும். புதுப்பிக்கப்பட்ட, ஆனால் எண்ணிக்கை மாறாத டேபிள்கள் இதில் தெரியாது. அதற்கு டேபிள் வாரியாக `CHECKSUM_AGG(BINARY_CHECKSUM(*))` எடுத்து முன்பின் ஒப்பிடலாம். அரிதாக ஒரு மாற்றத்தை அது விட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பெயர் | டேட்டா | கோடு | லாக் |
|---|---|---|---|---|
| என்ன சொல்லும் | இருக்கலாம் | நிச்சயம் இல்லை / இருக்கலாம் | இப்படி எழுதினார்கள் | இப்படிப் பயன்படுத்துகிறார்கள் |
| நிபந்தனை உறவு | காட்டாது | குறிப்பால் காட்டும் | தெளிவாகக் காட்டும் | பகுதியளவு |
| கூட்டுக் கீ | இண்டெக்ஸ் வழியாக மட்டும் | சோதித்து அறியலாம் | காட்டும் | காட்டும் |
| தவறவிடுவது | வேறு பெயர்ப் புலங்கள் | காலி டேபிள்கள் | டைனமிக் க்வெரி, மறையாக்கம் | அரிதாக ஓடும் வேலைகள் |
| போலி விடை | பொதுப் பெயர்கள் | சின்ன எண்கள் | செத்த கோடு | மிகக் குறைவு |
| தேவை | ஸ்கீமா அனுமதி | பேக்கப் நகல் | படிக்கத் தெரிந்த ஆள், நேரம் | உற்பத்தி சர்வர் அனுமதி |

## எந்த நிலைக்கு எது

டேட்டாபேஸில் வியூக்களும் ப்ரொசீஜர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தால் கோடில் தொடங்குங்கள். வேலையின் அறிவு அங்கேதான் குவிந்திருக்கிறது. அங்கே கிடைத்த ஒவ்வொரு ஜாயினையும் டேட்டாவில் ஓட்டிச் சரிபாருங்கள். பெயர்ப் பொருத்தம் இங்கே கிட்டத்தட்டத் தேவையே இல்லை.

ப்ரொசீஜர் ஒன்றுமே இல்லை, மூடிய நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் லாகைத் திறக்க முதல் நாளிலேயே அனுமதி கேளுங்கள். அனுமதி வருவதற்குள் பெயரையும் டேட்டாவையும் வைத்து வேலையைத் தொடங்கலாம். தாமதமாகக் கேட்டால் மாதக் கடைசி உங்களைத் தாண்டிப் போய்விடும்.

நிரல் எப்போதோ நின்றுவிட்டது, ஒரு பேக்கப் மட்டும்தான் மிச்சம் என்றால் டேட்டாதான் உங்கள் ஒரே சாட்சி. இடைவெளிச் சோதனையையும் வகைவாரிப் பிரிப்பையும் முழுமூச்சாகச் செய்யுங்கள். அச்சிட்ட பழைய ஆவணம் ஒன்று கிடைத்தால் பொன்: ஒரு பில்லில் உள்ள பெயரும் பொருளும் தொகையும் உங்கள் ஜாயினில் அப்படியே வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு அறிக்கைக்காக ஐந்தாறு டேபிள்கள் மட்டும் வேண்டுமென்றால் முழு வரைபடம் போடாதீர்கள். அந்த ஐந்தாறுக்கு மட்டும் டேட்டா சோதனையும் கூட்டுக் கீ சோதனையும் போதும். பெயரைப் பொருத்தும் கருவியை மட்டும் நம்பி நிறுத்துவதற்கு ஒரே ஒரு நிலைதான் எனக்குத் தோன்றுகிறது: இந்த வேலையை எடுப்பதா வேண்டாமா, எவ்வளவு பெரியது என்று மதிப்பிடும் கட்டம்.

இடமாற்றத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் ஒரு வழியின் சான்று போதாது. டேட்டா ஒத்துக்கொள்ள வேண்டும், அதோடு கோடோ லாகோ ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் முரண்பட்டால் டேட்டாவின் அநாதை வரிசைகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். எல்லாம் ஒரு தேதிக்கு முன்னால் என்றால் உறவு சரி, பழைய டேட்டா கெட்டிருக்கிறது. நேற்றுவரை வந்துகொண்டிருக்கிறது என்றால் நீங்கள் அறியாத ஒரு நிபந்தனை இன்னும் பாக்கி இருக்கிறது.

## கண்டுபிடித்ததை எங்கே வைப்பது

படமாக மட்டும் வைக்காதீர்கள். ஒரு டேபிளாக வையுங்கள்: சேய் டேபிள், சேய்ப் புலங்கள், தாய் டேபிள், தாய்ப் புலங்கள், நிபந்தனை, அநாதை வரிசை எண்ணிக்கை, எந்த வழியில் சான்று, சோதித்த தேதி. நம் உதாரணத்தில் `PTY_CD`-க்கு இரண்டு வரிகள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு `DOC_TY` நிபந்தனையோடு. இந்த டேபிளிலிருந்து எந்தப் படத்தையும் வரையலாம், சோதனை க்வெரிகளை மறுபடி தானாக ஓட்டவும் செய்யலாம்.

கண்டுபிடித்த உடனே உண்மையான ஃபாரின் கீயைப் போட்டுவிட ஆசை வரும். ஓடும் அமைப்பில் அவசரப்படாதீர்கள். பழைய நிரல் சேயை முதலில் எழுதிவிட்டுத் தாயைப் பிறகு எழுதும் வழக்கம் உள்ளதாக இருக்கலாம். அன்று அது உடையும். எஸ்க்யூஎல் சர்வரில் `WITH NOCHECK` என்று போட்டால் பழைய அநாதைகளை விட்டுவிடும், ஆனால் புதிய வரிசைகளைச் சோதிக்கும், எனவே அதே உடைப்பு அங்கேயும் உண்டு. `PTY_CD` போன்ற நிபந்தனை உறவுக்கு ஒரு சாதாரண ஃபாரின் கீயால் விடையே இல்லை. அதைப் புதிய அமைப்பில் வாடிக்கையாளர், விற்பவர் என்று இரண்டு தனிப் புலங்களாகப் பிரித்த பிறகுதான் போட முடியும். அப்போது `CASH`-க்கு மாஸ்டரில் ஒரு உண்மையான வரிசை உண்டாக்குவதா, அந்தப் புலத்தைக் காலியாக விடுவதா என்பதைக் கணக்குப் பார்ப்பவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.